இடிப்பதற்கு முன் பிரிப்பது: கும்பகோணத்தில் ஒரு பழைய வீட்டின் கணக்கு

"மூன்று நாளில் இடத்தைச் சுத்தமாக்கிக் கொடுத்துவிடுகிறேன். கையில் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாயும் தருகிறேன். வீட்டில் இருக்கிற எல்லாம் எனக்கு." பழைய கட்டடங்களை இடித்து எடுக்கும் ஒப்பந்ததாரர் இப்படித்தான் பேச்சைத் தொடங்கினார். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர். அந்த இடத்தில் எழுப்பப்போகும் புது வீட்டுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தவன் நான். அவர் என்னைப் பார்த்து, "தம்பி, நம் வீட்டை நாமே இடித்து, அதற்குப் பணமும் வாங்குவதா? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவருக்கு இதில் என்ன கிடைக்கும் என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய், 16 நாள் அந்த வீட்டைப் பிரித்துக்கொண்டு நின்றோம். எதைக் காப்பாற்றினோம், எதை இழந்தோம், எதை வேண்டாம் என்று ஒதுக்கினோம் என்பதை ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறேன்.

வீடு கும்பகோணத்தில் பழைய தெரு ஒன்றில் இருந்தது. முகப்பு 22 அடி, உள்ளே 90 அடி நீளம். திண்ணை, ரேழி, கூடம், நடுவில் முற்றம், முற்றத்தைச் சுற்றி நான்கு தேக்குத் தூண்கள், அவை தாங்கிய உத்தரங்கள், பனங்கை மேல் நாட்டு ஓடு வேய்ந்த தாழ்வாரம். அதைத் தாண்டினால் நடையை ஒட்டி ஒன்றின் பின் ஒன்றாக இரண்டு அறைகள். அவற்றுக்கு மேலே, மரக்கட்டைகளைப் பரப்பி அதன் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட மெட்ராஸ் டெரஸ் தளம். கடைசியில், 1980களில் கட்டிச் சேர்த்த சமையலறையும் குளியலறையும். அவை கான்கிரீட் தளம் போட்டவை. ஒரே வீட்டுக்குள் இரண்டு காலத்துக் கட்டடம் இருந்ததால்தான், எந்தப் பொருள் மறுபடி உதவும், எது உதவாது என்ற வேறுபாடு இங்கே கண்கூடாகத் தெரிந்தது.

முதலில் அளந்தோம்

விலை பேசுவதற்கு முன்னால் வீட்டில் இருக்கும் மரத்தை அளக்க வேண்டும். இதைச் செய்யாமல் மொத்தமாகப் பேசிவிடுகிற வீட்டுக்காரர்களே அதிகம். மரத்தின் கணக்கு எளிது. அகலத்தையும் கனத்தையும் அங்குலத்தில், நீளத்தை அடியில் வைத்துப் பெருக்கி 144 ஆல் வகுத்தால் கன அடி வந்துவிடும். இரண்டு அறைகளும் தலா 11 அடிக்கு 14 அடி. அறைக்கு 9 கட்டைகள் வீதம் மொத்தம் 18. ஒவ்வொன்றும் 4 அங்குலத்துக்கு 6 அங்குலம். அறை 11 அடி என்றாலும் கட்டை இரு பக்கமும் சுவருக்குள் அரை அடி உட்கார்ந்திருப்பதால் நீளம் 12 அடி. ஆக ஒரு கட்டை 2 கன அடி, 18 கட்டைகள் 36 கன அடி. முற்றத்து உத்தரங்கள் நான்கு, 6 அங்குலத்துக்கு 8 அங்குலம், 10 அடி நீளம். அவை 13 கன அடிக்குக் கொஞ்சம் கூட.

அளந்தால் மட்டும் போதாது, இது என்ன மரம் என்றும் தெரிய வேண்டும். எல்லாக் கட்டைக்கும் பல முறை சுண்ணாம்பும் பெயின்டும் அடித்திருந்ததால் வெளியே ஒன்றும் தெரியவில்லை. எங்களுடன் வந்த ஆசாரி மூத்தவர், அறுபதைத் தாண்டியவர். அவர் உளியின் முனையால் ஒரு ரூபாய் அளவுக்குச் சுரண்டி, அந்த இடத்தை எச்சில் தொட்டுத் தேய்த்து மோந்துபார்த்தார். "தேக்கு பழசானாலும் எண்ணெய் வாசம் போகாது" என்றார். சுரண்டிய இடம் தேன் நிறத்தில் இருந்தது. பர்மாவிலிருந்து கப்பலில் தேக்கு தாராளமாக வந்துகொண்டிருந்த காலத்து வீடு என்பதால் அது எங்களுக்கு வியப்பாக இல்லை. ஆனால் தாழ்வாரத்து உத்தரங்களில் ஒன்றைச் சுரண்டியபோது நிறமும் வாசமும் வேறாக இருந்தன. அது இலுப்பை. உறுதியான மரம்தான், தேக்கு விலை போகாது, அவ்வளவே. தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகளில் கண்ணில் படுகிற இடத்தில் தேக்கும், படாத இடத்தில் இலுப்பையும் பனையும் போடுவது வழக்கம். எனவே ஒரு கட்டையைச் சுரண்டிப் பார்த்து எல்லாம் தேக்கு என்று முடிவு கட்டக் கூடாது.

அடுத்து, மரம் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்தோம். சுத்தியல் காம்பால் கட்டையின் நடுவில் தட்டினால் மணி போலக் கணீர் என்றது. அதே கட்டையைச் சுவரை ஒட்டித் தட்டினால் சில இடங்களில் சத்தம் மொத்தென்று அடங்கியது. பழைய கட்டைகள் கெடுவது நடுவில் அல்ல, சுவருக்குள் புதைந்திருக்கும் அந்த அரை அடியில்தான். சுண்ணாம்புச் சுவர் மழைநீரைக் குடித்து வைத்திருக்கும், அங்கே காற்று நுழையாது. வெளியே வைரம் பாய்ந்த மரமாக நிற்கும் கட்டை, சுவருக்குள் புகையிலைத் தூளாக உதிர்ந்து கிடக்கும். சந்தேகப்பட்ட இடங்களில் மெல்லிய துளைமுனையால் துளை போட்டோம். நல்ல மரமாக இருந்தால் சுருள் சுருளாகப் பிசுபிசுப்புள்ள தூள் வரும். கெட்ட மரமாக இருந்தால் கறுத்த பொடி கொட்டும், துளைமுனை தடையில்லாமல் உள்ளே போய்விடும். இப்படி ஆறு கட்டைகளின் முனைகளில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டோம். ஆறுமே கைப்பிடிச் சுவரை ஒட்டிய பக்கம், மழைநீர் வடிகிற குழாய்க்கு அருகில் இருந்தவை.

இதெல்லாம் முடிந்த பிறகுதான், இடிக்கும் ஒப்பந்ததாரரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வீட்டைப் பிரிக்க ஒரு மேஸ்திரியோடு ஒப்பந்தம் எழுதினோம். தேக்கு, கதவுகள், சன்னல்கள், பித்தளைச் சாமான்கள், திண்ணைக் கருங்கல் எல்லாம் வீட்டுக்காரருக்கு. செங்கல், ஓடு, பனங்கை, கம்பி இவற்றை விற்றுவரும் பணமும் அவருக்கே. வேலையாட்களுக்கு நாள் கூலி. பொக்லைன் இயந்திரம் கடைசி இரண்டு நாள் மட்டும், மரம் அத்தனையும் வெளியே போன பிறகு. பங்குனி கடைசியில் தொடங்கினோம். மழை வந்துவிட்டால் எடுத்த மரத்தை நனையாமல் காப்பதே தனி வேலையாகிவிடும்.

கூரை வந்த வழியே போக வேண்டும்

மெட்ராஸ் டெரஸை எப்படிக் கட்டினார்கள் என்று தெரிந்தால், எப்படிப் பிரிப்பது என்பதும் விளங்கிவிடும். தேக்குக் கட்டைகளைச் சுவருக்குச் சுவர் ஒன்றரை அடிக்கு ஒன்றாகப் பரப்புவார்கள். அவற்றின் மேல் 6 அங்குலத்துக்கு 3 அங்குலம், ஓர் அங்குலக் கனமுள்ள சின்னச் செங்கற்களைக் குத்துவாட்டில், சாய்வு வரிசையாகச் சுண்ணாம்புக் காரையில் அடுக்குவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டுக் கட்டையால் அடித்துக் கெட்டிப்படுத்துவார்கள். கடைசியாகத் தட்டோடு. இந்த அடுக்குகள் எல்லாம் சேர்ந்து ஒரு சதுர அடிக்கு 30 கிலோவைத் தொடும். ஒரு கட்டையின் பங்குக்கு வருவது ஏறக்குறைய அரை டன். இதை மேலிருந்து கீழாக, கடைசியில் போட்டதை முதலில் எடுத்து, படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். கட்டடம் இடிப்பதற்கான பாதுகாப்பு விதிகளை வகுத்த இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 4130 சொல்வதும் இந்தத் தலைகீழ் வரிசையைத்தான்.

முதல் நாளே ஒரு தவறு நடந்தது. நான் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்த நேரத்தில், வேலையை விரைவாக முடிக்க எண்ணிய இரண்டு பேர் ஜல்லித் தளத்தை வெட்டி எடுப்பதற்குப் பதிலாக, அறையின் நடுவில் சம்மட்டியால் ஓங்கி அடித்துத் துளை போட்டார்கள். கீழே விழட்டும், பிறகு அள்ளிக்கொள்ளலாம் என்ற நினைப்பு. தளம் துண்டு துண்டாக விழாமல் நான்கைந்து அடிப் பாளமாகப் பிளந்து ஒரே கட்டையின் மேல் சரிந்தது. கட்டை நீளவாக்கில் வெடித்துவிட்டது. 2 கன அடித் தேக்கு, ஒரு நிமிடத்தில் விறகு. நல்ல வேளையாகக் கீழே ஆள் இல்லை. சாய்வு வரிசையாக அடுக்கிய செங்கல் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்பதால், நடுவில் உடைத்தால் அந்தப் பிடி எங்கே போய் விடும் என்று யாராலும் சொல்ல முடியாது. அன்று மாலை வேலையை நிறுத்திவிட்டு மேஸ்திரியிடம் சொன்னேன்: "இனிமேல் தளத்தின் மேல் யாரும் நேராக நிற்க வேண்டாம்." அவரும், "சார், ஆள் மேல் தப்பு இல்லை. இடிக்கச் சொல்லித்தானே எல்லாரும் கூப்பிடுகிறார்கள், பிரிக்கச் சொல்லி யார் கூப்பிடுகிறார்கள்" என்றார். அவர் சொன்னது உண்மை. அந்தப் பழக்கத்தை மாற்றியதுதான் இந்த வேலையில் எனக்குப் பெரிய பாடாக இருந்தது.

மறுநாளிலிருந்து முறையை மாற்றினோம். கட்டைகளுக்குக் குறுக்கே சாரப் பலகைகளைப் போட்டு, அதன் மேல் நின்றே வேலை. முதலில் தட்டோட்டைப் பெயர்த்துக் கீழே இறக்கினோம். பிறகு ஜல்லியை ஓர் ஓரத்திலிருந்து தொடங்கி இரண்டடி இரண்டடியாக வெட்டி, கூடையில் அள்ளி உடனுக்குடன் இறக்கினோம். ஒரே இடத்தில் குவித்து வைத்தால் அதுவே சுமையாகிவிடும். ஜல்லி முழுவதும் போன பின் சின்னச் செங்கற்களைக் கையால் எடுக்க முடிந்தது. சுண்ணாம்புக் காரை என்பதால் உளியால் இலேசாகத் தட்டினாலே கல் தனியே வந்தது. சிமென்ட்டில் கட்டியிருந்தால் கல்தான் உடைந்திருக்கும்.

கட்டைகள் வெறுமையாக நின்றபோதும் அவற்றை இழுக்கக் கூடாது. கட்டையின் முனை சுவருக்குள் இறுகிக் கிடக்கும், அதன் மேல் கைப்பிடிச் சுவரின் பாரம் இருக்கும். ஒரு முனையைக் கடப்பாரையால் நெம்பினால் மறுமுனை பிளக்கும். ஆகவே கைப்பிடிச் சுவரைக் கட்டைமட்டம் வரை இறக்கி, ஒவ்வொரு முனையைச் சுற்றியும் மேலும் பக்கவாட்டிலும் செங்கல்லை எடுத்து, கட்டை தன் எடையில் மட்டும் உட்கார்ந்திருக்கும்படி செய்தோம். அதன் பிறகு இரண்டு பக்கமும் கயிறு கட்டி, நான்கு பேர் சேர்ந்து தூக்கி இறக்கினார்கள். 2 கன அடித் தேக்கு 40 கிலோ அளவுக்கு வரும். தூக்குவது சிரமமில்லை. தூக்கும் நேரம் வரும்வரை காத்திருப்பதுதான் சிரமம்.

இரண்டாவது அறையின் நடுக்கட்டைகள் இரண்டில் ஊஞ்சல் கொக்கிகள் இருந்தன. விரல் கனத்து இரும்புத் தண்டு கட்டையை ஊடுருவி மேலே தகட்டில் மரையாணியால் முறுக்கப்பட்டிருந்தது. அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு மரம் கறுத்திருந்தது. தேக்கில் இரும்பு துருப்பிடிக்கும் இடமெல்லாம் இப்படிக் கறுப்பு வளையம் விழும். உளுத்துப்போனதென்று பலர் அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிடுவார்கள். அது சாயம் ஏறியது மட்டுமே, மரம் கெட்டியாகத்தான் இருந்தது. இந்தக் கறுப்பு வளையம் பின்னால் எங்களுக்கு வேறு விதமாகவும் உதவியது. தலை முறிந்து உள்ளே புதைந்து போன ஆணிகளை அது காட்டிக் கொடுத்தது.

18 கட்டைகளில் கடைசியில் தேறியது இவ்வளவு: 11 முழுசாக வந்தன. குறி போட்ட ஆறில் நான்குக்கு முனை மட்டும் கெட்டிருந்தது. 2 அடி வெட்டி 10 அடியாக எடுத்துக்கொண்டோம். மற்ற இரண்டில் கரையான் நடுவரை ஏறிவிட்டது. மீதி ஒன்று முதல் நாள் உடைந்தது. 36 கன அடி என்று எழுதி வைத்தது 29 கன அடிக்குக் கொஞ்சம் குறைவாக நின்றது. உத்தரங்களோடு சேர்த்தால் 42, அதில் 3 கன அடிக்குமேல் இலுப்பை. கரையான் கண்ட கட்டைகளை மற்றவற்றோடு சேர்த்து வைக்காமல் அன்றே வெளியே அனுப்பினோம். நல்லவற்றைத் தரையில் படாமல் செங்கல் மேல் அடுக்கி, ஒவ்வொரு வரிசைக்கும் நடுவில் சட்டம் கொடுத்துக் காற்றோட விட்டோம். இடித்த மண் குவிந்து கிடக்கும் மனையில் கரையான் எங்கிருந்து ஏறும் என்று சொல்ல முடியாது.

தலைவாசல்

தலைவாசல் கதவுக்கு நாங்கள் செலவழித்தது ஒன்றரை நாள். அதற்குக் காரணம் குடுமி. இப்போதைய கதவுகள் கீலில் ஆடுகின்றன. திருகாணிகளைக் கழற்றினால் கதவு கையோடு வரும். அந்த இரட்டைக் கதவுக்குக் கீலே இல்லை. கதவின் ஓரச் சட்டத்திலேயே மேலும் கீழும் உருண்டையாகக் குடுமி செதுக்கி, நிலையின் மேல்சட்டத்திலும் கீழ்ப்படியிலும் உள்ள குழிகளில் பொருத்தியிருந்தார்கள். நிலையைக் கூட்டும்போதே கதவையும் உள்ளே வைத்துக் கூட்டிவிட்டார்கள். மேலே தூக்கிக் கழற்றலாம் என்று ஆப்பு வைத்துப் பார்த்தோம். கால் அங்குலத்துக்கு மேல் ஏறவில்லை. அதற்கு மேல் நெம்பினால் குடுமி முறிந்திருக்கும். குடுமி முறிந்த கதவை மறுபடி கீல் போட்டு மாட்டலாம், ஆனால் அந்த ஓரச் சட்டம் கீலுக்கு ஏற்ற கனத்தில் இருக்காது.

ஆகவே கதவோடு சேர்த்து நிலையை எடுப்பதென்று முடிவு செய்தோம். நிலையின் மேல்சட்டம் வாசலின் அகலத்தோடு நிற்காமல் இரு பக்கமும் சுவருக்குள் முக்கால் அடி நீண்டிருந்தது. அவசரக்காரர்கள் இந்த இரண்டு முனைகளையும் அறுத்துவிட்டு நிலையை வெளியே இழுப்பார்கள். அறுத்தால் மேல்சட்டமும் கால்சட்டமும் கூடும் மூட்டு தளர்ந்துவிடும், புது வீட்டில் நிலை சுவரோடு பிடித்து நிற்காது. ஆசாரி அதற்குச் சம்மதிக்கவே இல்லை. நிலைக்கு மேலிருந்த சுவரைக் கல் கல்லாக இறக்கி, இரு பக்கமும் இரண்டு அடிச் சுவரை எடுத்து, கதவைச் சாத்தி, தாழிட்டு, நிலையின் மூலைக்கு மூலை சட்டம் வைத்துக் கயிற்றால் இறுக்கினோம். செதுக்கிய மரத்தில் ஒரு ஆணிகூட அடிக்கவில்லை. அதன் பிறகு எட்டுப் பேர் அதைப் படுக்கவைத்தார்கள். நிலையும் கதவும் சேர்ந்து 170 கிலோவுக்குக் குறையாது என்பது என் கணிப்பு.

கீழ்ப்படியைத் தூக்கியபோது அடியில் சுண்ணாம்போடு ஒட்டிக்கொண்டு ஒரு மக்கிய துணி முடிச்சு இருந்தது. நிலை வைத்த அன்று பூசை செய்து வைத்தது. அதற்குள் தானியம் மண்ணாகிப் போயிருந்தது. ஒரு காலணா மட்டும் மிஞ்சியிருந்தது. ஆசிரியர் அதை வேட்டி முனையில் தேய்த்துக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். ஜார்ஜ் மன்னர் தலை, 1936. "எங்கள் அப்பா சொன்ன கணக்குச் சரிதான்" என்றார். புது வீட்டுக்கும் அதே நிலையை வைப்பதா என்று உறவினர்களிடையே பேச்சு எழுந்தது. வாழ்ந்த வீட்டு நிலையை மறுபடி வைக்கக் கூடாது என்று சிலர், வாழ்ந்த வீட்டு நிலை என்பதால்தான் வைக்க வேண்டும் என்று சிலர். அதில் நான் தலையிடவில்லை. நிலை இப்போது புது வீட்டின் வாசலில் நிற்கிறது.

பித்தளைக் குமிழ்கள், நாதாங்கி, உள்கதவுகளின் கீல்கள் ஆகியவற்றைக் கழற்றியதில் சொல்லத் தகுந்தது ஒன்று உண்டு. பழைய திருகாணியின் பிளவு முழுக்கப் பெயின்ட் அடைத்திருக்கும். அப்படியே திருப்பினால் பிளவு வழுக்கி உருண்டுவிடும், பிறகு துளைத்துத்தான் எடுக்க வேண்டும். இரும்பு அறுக்கும் பிளேடின் துண்டால் பிளவைச் சுரண்டிச் சுத்தம் செய்து, திருப்புளியை வைத்து அதன் தலையில் ஓர் அடி கொடுத்து, முதலில் இறுக்கும் பக்கம் சிறிது திருப்பிப் பிறகு தளர்த்த வேண்டும். பத்தில் ஒன்பது வந்துவிடும். ஒவ்வொரு கதவின் சாமான்களையும் தனித்தனிப் பையில் போட்டு அந்தக் கதவிலேயே கட்டிவைத்தோம். கலந்துவிட்டால் எந்தக் கீல் எந்தப் பள்ளத்துக்கு என்று பிறகு பொருந்தவே பொருந்தாது.

பழைய பெயின்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வீட்டுப் பெயின்டில் ஈயத்தின் அளவை 90 பிபிஎம்முக்குள், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்குள், கட்டுப்படுத்தும் விதி நம் நாட்டில் 2016இல் வந்து, 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சுகளில், அதிலும் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களில், ஈயம் இருக்கக்கூடும் என்றே கொள்ள வேண்டும். பழைய கதவைத் தீச்சுவாலையால் சுட்டுச் சுரண்டுவதும், உலர்ந்தபடியே உப்புத்தாள் போடுவதும் அந்தப் புகையையும் தூளையும் வேலை செய்பவரின் நுரையீரலுக்குள் அனுப்புவதாகும். நாங்கள் ஈரத்துணி போட்டு ஊறவைத்து, தண்ணீர் தெளித்துக்கொண்டே சுரண்டினோம். சுரண்டியதை விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரமாகவே வழித்துப் பையில் கட்டினோம். குழந்தைகளை அந்தப் பக்கம் விடவில்லை.

கம்பி

ஆசிரியருக்கு ஓர் ஆசை இருந்தது. பின்கட்டுக் கான்கிரீட் தளத்தில் வரும் கம்பியைப் புது வீட்டின் சன்னல் மேல் லிண்டலுக்குப் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்டார். 12 அடிக்கு 10 அடித் தளம். 10 மில்லிமீட்டர் கம்பி 80 மீட்டர், 8 மில்லிமீட்டர் கம்பி 57 மீட்டர், மொத்தம் 72 கிலோ இருக்க வேண்டும். பணமாகப் பார்த்தால் புறக்கணிக்கும் தொகை இல்லை.

தளத்தை உடைத்து ஒரு துண்டை எடுத்துப் பார்த்தோம். கம்பியின் நீளவாக்கில் ஓடும் இரண்டு வரப்புகள் நேராகப் போகாமல் பின்னல் போலச் சுற்றிக்கொண்டு போயின. அதாவது முறுக்குக் கம்பி. டார் ஸ்டீல் என்று அந்தக் காலத்தில் கடைகளில் சொன்னது இதைத்தான். குளிர்ந்த நிலையிலேயே முறுக்கி வலுவேற்றிய கம்பி இது. வலு ஏறிய அளவுக்கு வளைந்துகொடுக்கும் தன்மை குறைந்திருக்கும். கான்கிரீட்டை உடைக்கும்போது ஒருமுறை கோணுகிறது, அதை அடித்து நிமிர்த்தும்போது இன்னொரு முறை வளைகிறது. அதே இடத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழ இவ்வளவு போதும்.

அது மட்டுமில்லை. குளியலறைப் பக்கத்துக் கம்பியில் ஒரு மீட்டரை அறுத்து, கம்பித் தூரிகையால் துருவை முழுக்கத் தேய்த்துவிட்டுத் தராசில் வைத்தோம். விட்டத்தின் வர்க்கத்தை 162 ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 10 மில்லிமீட்டருக்கு 617 கிராம். எங்கள் துண்டு 545 கிராம் இருந்தது. நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு இரும்பு துருவாகப் போய்விட்டது. புதுக் கம்பிக்கே இந்த அளவில் 7 சதவீதத்துக்கு மேல் எடை மாறக் கூடாது என்பது தரவிதி. தவிர, துரு சீராக அரிப்பதில்லை. சராசரியில் 12 சதவீதம் என்றால் எங்கோ ஒரு குழியில் அதன் இரண்டு மடங்கு போயிருக்கும். கம்பி அறுவது அந்தக் குழியில்தான்.

"ஐயா, இது லிண்டலுக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். அவரும் தராசைப் பார்த்துவிட்டு மறுபேச்சுப் பேசவில்லை. பழைய கம்பியை நிமிர்த்தி, கட்டுக்கட்டாகப் புதுக் கம்பியை விடக் குறைந்த விலைக்கு விற்கும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. அதை வாங்கித் தளம் போடுகிற சிறு வீட்டுக்காரர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவர்கள் கையில் தராசு இல்லை, சொல்வதற்கும் ஆள் இல்லை. பழைய கம்பி வேலிக்கும் பந்தலுக்கும் கொடிக்கம்பத்துக்கும் உதவும். மனிதர் தலைக்கு மேல் நிற்கும் கான்கிரீட்டுக்குள் அது போகக் கூடாது. எங்கள் கம்பி முழுவதையும் உருக்குக்குப் போகும் பழைய இரும்பாக எடைக்குப் போட்டோம்.

அறுவையும் கணக்கும்

மரத்தை அறுக்கக் கொண்டுபோன முதல் பட்டறையில் வாங்க மறுத்தார்கள். பழைய மரம் என்றாலே ஆணி இருக்கும், ரம்பத்தின் பல் போய்விடும் என்றார்கள். நியாயமான பயம். திரும்ப எடுத்துவந்து, ஆசாரி பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தத்தைக் கயிற்றில் கட்டி ஒவ்வொரு கட்டையின் நான்கு முகத்திலும் மெல்ல ஓட்டினார். காந்தம் இழுத்த இடத்திலும் கறுப்பு வளையம் கண்ட இடத்திலும் சாக்பீஸ் குறி போட்டோம். 15 கட்டைகளில் 60க்கு மேல் ஆணி, மின்சார ஒயரைப் பிடித்திருந்த சின்ன ஆணிகளே பெரும்பகுதி. முறிந்தவற்றைச் சுற்றி உளியால் பள்ளம் தோண்டிக் குறடால் பிடுங்கினோம். இரண்டாவது பட்டறையில், பல் உடைந்தால் அதற்கான பணத்தைத் தருவதாகச் சொன்ன பிறகு அறுத்துக் கொடுத்தார்கள். ஒரு பல்கூட உடையவில்லை.

கட்டையை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் 4 அங்குலத்துக்கு 3 அங்குலச் சட்டம் இரண்டு, ஒவ்வொன்றும் 12 அடி. இழைப்புக்குப் போக இரு பக்கமும் கால் அங்குலம் குறையும். ஒரு சட்டத்தில் நிலைக்கு 7 அடிக் கால் ஒன்று, மீதி 5 அடி. மறு சட்டத்திலும் அப்படியே. அந்த ஒரு மீதியில் மூன்றரை அடி மேல்சட்டம் கிடைத்துவிடும். ஆக ஒரு கட்டையில் ஒரு நிலை, கையில் 5 அடித் துண்டும் மிச்சம். புது வீட்டுக்கு உள்நிலைகள் ஏழு தேவைப்பட்டன, ஏழு கட்டை போதுமாயிற்று. 90 வருடம் உலர்ந்த மரம் என்பதால் நிலை வைத்து ஒரு மழைக்காலம் கடந்தும் ஒன்றும் முறுக்கவில்லை, மூட்டு விரியவில்லை. புது மரத்தில் இதற்கு உத்தரவாதம் கொடுக்க மாட்டேன்.

இனிப் பணம். ஆறு பேருக்கு 16 நாள் கூலி, ஆசாரிக்கு 10 நாள், கடைசியில் இயந்திரமும் மண் அள்ளிய லாரியும் சேர்த்து 1,28,400 ரூபாய் செலவு. செங்கல், ஓடு, பனங்கை, இரும்பு விற்றதில் 74,000 ரூபாய் வந்தது. கையைவிட்டுப் போனது 54,400. ஒப்பந்ததாரர் தருவதாகச் சொன்ன 1,10,000 ரூபாயை விட்டதையும் சேர்த்தால், இந்த மரமும் கதவுகளும் ஆசிரியருக்கு 1,64,400 ரூபாய்க்கு விழுந்தன.

42 கன அடியில் அறுவைச் சேதம் போக 34 கன அடி நிற்கும். அந்த மாதம் நாங்கள் விசாரித்தபோது நல்ல தேக்கு கன அடி 4,000 ரூபாய் சொன்னார்கள். முழுவதையும் தேக்காகவே வைத்தாலும் 1,36,000 ரூபாய் வருகிறது. மரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் நஷ்டம் என்பதுதான் உண்மை, அதை நான் ஆசிரியரிடம் மறைக்கவில்லை. தலைவாசல், ஐந்து உள்கதவுகள், நான்கு தூண்கள், பித்தளைச் சாமான்கள் இவற்றைச் சேர்த்தால்தான் கணக்கு நம் பக்கம் சாய்கிறது. அதுவும் அவர் அவற்றைத் தன் வீட்டிலேயே போட்டுக்கொண்டதால். வியாபாரியிடம் விற்றிருந்தால் அவர் சொல்லும் விலைக்கு இந்த 16 நாளும் வீண்தான். வீட்டில் இலுப்பையும் பனையும் மட்டுமே இருந்திருந்தாலோ, கட்டை முனைகள் பாதிக்கு மேல் உளுத்திருந்தாலோ, ஒப்பந்ததாரரின் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள் என்று நானே சொல்லியிருப்பேன்.

மிஞ்சிய 5 அடித் துண்டுகளை ஆசாரி எண்ணிப் பார்த்து, ஊஞ்சல் பலகைக்கு ஆகும் என்றார். ஊஞ்சல் கொக்கிகளைத் துரு போக்கி எண்ணெய் தடவி ஒரு சாக்கில் வைத்திருந்தோம். புதுத் தளத்துக்குக் கான்கிரீட் போடும்போது அவற்றை எங்கே புதைப்பது என்று வரைபடத்தில் நான் குறித்துக் கொடுத்தேன்.